தேடல் எப்படி இவ்வளவு வேகம்? இன்வெர்டட் இன்டெக்ஸும் பிஎம்25 கணக்கும்

ஒரு டேபிளில் பத்து லட்சம் சமையல் குறிப்புகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் சராசரியாக 2 கேபி என்றும் வைத்துக்கொள்வோம். மீன் பற்றிய குறிப்புகளை எடுக்க `LIKE '%மீன்%'` என்று எழுதினால், டேட்டாபேஸ் வரிசை வரிசையாகத் திறந்து எல்லா எழுத்தையும் பார்த்துக்கொண்டே போகும். மொத்தம் 2 ஜிபி. அடுத்தவர் `ரசம்` என்று தேடினால் மறுபடியும் அதே 2 ஜிபி. குறிப்பு இருக்கும் நெடுவரிசையின் மேல் சாதாரண இன்டெக்ஸ் போட்டாலும் பயனில்லை. அது மதிப்புகளை முதல் எழுத்திலிருந்து வரிசைப்படுத்தி வைத்திருக்கும். தேடும் சொல்லுக்கு முன்னால் `%` இருந்தால் எங்கே தொடங்குவதென்று அதற்குத் தெரியாது. போதாததற்கு, `LIKE` சொல்லைப் பார்ப்பதில்லை, எழுத்துகளைத்தான் பார்க்கிறது. அதனால் விண்மீன் பற்றி எழுதியதும் சமையல் தேடலில் வந்து நிற்கும்.

இதற்கு மாற்றாகத்தான் இன்வெர்டட் இன்டெக்ஸ் வந்தது. பாடநூலின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்குமே, சொல்லும் அதற்கு எதிரே பக்க எண்களும், அதேதான் இதுவும். ஆவணத்திலிருந்து சொல்லுக்குப் போகும் வழியைத் திருப்பி, சொல்லிலிருந்து ஆவணத்துக்குப் போகும்படி செய்திருக்கிறார்கள். பாடநூல் அடைவு முக்கியமான சொற்களை மட்டும் பொறுக்கி எடுக்கும். இது எல்லாச் சொற்களையும் எடுக்கும். சொல்லின் ஆவணப் பட்டியலுக்குப் போஸ்டிங் லிஸ்ட் என்று பெயர்.

எட்டுக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கையால் செய்து பார்க்கலாம். எஸ்கியூலைட்டில் `fts5` என்ற தேடல் நீட்சி இருக்கிறது. தனி சர்வர் எதுவும் வேண்டாம் என்பதால் கற்றுக்கொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது.

```sql
CREATE VIRTUAL TABLE kurippu USING fts5(
  urai,
  tokenize = "unicode61 categories 'L* N* Co M*'"
);
INSERT INTO kurippu(rowid, urai) VALUES
 (1, 'மீன் குழம்பு வைக்கும் முறை'),
 (2, 'வத்தக் குழம்பு வைக்கும் முறை'),
 (3, 'ரசம் வைக்கும் முறை'),
 (4, 'மீன் வறுவல் மசாலா'),
 (5, 'மெஸ் மதியப் பட்டியல் சாதம் சாம்பார் வத்தக் குழம்பு மீன் குழம்பு ரசம் மோர் அப்பளம்'),
 (6, 'மின் அடுப்பு பராமரிப்பு'),
 (7, 'தோசை மாவு அரைக்கும் முறை'),
 (8, 'சாம்பார் பொடி அரைக்கும் முறை');
```

`tokenize` வரியை இப்போதைக்குக் கண்டுகொள்ள வேண்டாம். அதற்கு ஒரு தனிக் கதை உண்டு, கீழே வருகிறது.

வரிசைகள் உள்ளே போகும்போது நடப்பது இதுதான். டோக்கனைசர் உரையைச் சொற்களாக வெட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த ஆவணம், அதில் எத்தனையாவது இடம் என்ற இரண்டும் குறிக்கப்படும். இடம் 0-விலிருந்து எண்ணப்படுகிறது. இன்டெக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க எஸ்கியூலைட் ஒரு சன்னல் வைத்திருக்கிறது:

```sql
CREATE VIRTUAL TABLE sol USING fts5vocab('kurippu', 'instance');
SELECT term, doc, offset FROM sol WHERE term = 'குழம்பு';
```

விடையாக நான்கு வரிகள் வரும்: ஆவணம் 1-இல் இடம் 1, ஆவணம் 2-இல் இடம் 1, ஆவணம் 5-இல் இடம் 6, மறுபடி ஆவணம் 5-இல் இடம் 8. இதுதான் `குழம்பு` என்ற சொல்லின் போஸ்டிங் லிஸ்ட். இடங்களை விட்டுவிட்டு ஆவணங்களை மட்டும் பார்த்தால் அது 1, 2, 5. `மீன்` என்ற சொல்லுக்கு 1, 4, 5.

இரண்டு பட்டியலும் ஆவண எண்ணின் ஏறுவரிசையில் இருக்கின்றன. வேகத்தின் பாதி ரகசியம் இங்கேதான். `மீன் குழம்பு` என்று தேடினால் இரண்டு சொல்லும் உள்ள ஆவணங்கள் வேண்டும். இரண்டு பட்டியலின் தலையிலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். 1-க்கு 1, பொருந்திவிட்டது, எடுத்துக்கொண்டு இரண்டு விரலையும் நகர்த்துங்கள். இப்போது 4-உம் 2-உம். சிறியது எதுவோ அந்த விரலை நகர்த்த வேண்டும்; 2 போய் 5 வருகிறது. 4-உம் 5-உம் என்றால் 4 நகர்ந்து 5 ஆகிறது. 5-க்கு 5, பொருந்தியது. விடை 1, 5. எந்த இடத்திலும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, மூல உரையைத் திறக்கவும் இல்லை. மின் அடுப்பும் தோசை மாவும் இருக்கிறதென்பதே இந்தத் தேடலுக்குத் தெரியாது.

பத்து லட்சம் ஆவணங்களுக்கு இது எப்படி இருக்கும்? இன்டெக்ஸில் ஐந்து லட்சம் வெவ்வேறு சொற்கள் இருந்தாலும் அவை வரிசையில் இருப்பதால், பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் 19, 20 ஒப்பீட்டில் நம் சொல் கிடைத்துவிடும். அந்தச் சொல் 3,000 ஆவணங்களில் வருகிறது என்றால் படிக்க வேண்டியது 3,000 எண்கள். அவற்றையும் முழு எண்ணாக எழுதி வைப்பதில்லை. முந்தைய எண்ணுக்கும் இதற்கும் உள்ள இடைவெளியை மட்டும் எழுதுவார்கள். பத்து லட்சத்தில் 3,000 என்றால் சராசரி இடைவெளி 333. ஒரு பைட்டுக்கு 7 பிட் வீதம் எழுதும் முறையில் அது 2 பைட்டில் அடங்கும். ஆக, 2 ஜிபி படித்த இடத்தில் ஏறக்குறைய 6 கேபி. இடக்குறிப்புகளைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நான்கு லட்சம் ஆவணங்களில் வரும் சொல்லுக்கு இடைவெளி இரண்டு மூன்றுதான் என்பதால் ஒரு எண்ணுக்கு ஒரு பைட் போதும். அடிக்கடி வரும் சொல்லின் பட்டியல் நீளமாக இருந்தாலும் ஓர் எண்ணுக்கான செலவு குறைவு.

இடக்குறிப்பு எதற்கு? `"வத்தக் குழம்பு"` என்று மேற்கோளுக்குள் போட்டுத் தேடும்போது, இரண்டும் அடுத்தடுத்து வருகின்றனவா என்று பார்க்க அது வேண்டும். ஆவணம் 5-இல் `வத்தக்` இடம் 5, `குழம்பு` இடம் 6. ஒன்று கூட்டினால் பொருந்துகிறது. `fts5`-இல் `detail=none` என்று போட்டு இடக்குறிப்பை விலக்கினால் இன்டெக்ஸ் நன்றாகச் சுருங்கும். ஆனால் இந்த மாதிரித் தொடர்த் தேடல் வேலை செய்யாது.

இப்போது அந்த `tokenize` வரி. அதை எழுதாமல் விட்டால் `unicode61` என்ற டோக்கனைசர் தன் இயல்பான அமைப்பில் ஓடும். யூனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வது அதன் வழக்கம். தமிழின் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை. குறி வகையில், அதாவது `Mc`, `Mn` என்பவற்றில் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு உயிர்க்குறியையும் இடைவெளி மாதிரி எண்ணி அங்கே வெட்டிவிடும். `மீன்` என்பது `ம`, `ன` என்று இரண்டு டோக்கனாகும். `மின்` என்பதும் `ம`, `ன`. `மான்` வந்தாலும் அதே கதி.

இதில் மோசமான பங்கு, பார்வைக்கு எல்லாம் சரியாக வேலை செய்வதுதான். தேடும் சொல்லும் அதே மாதிரி வெட்டப்பட்டு, `ம ன` என்ற தொடராகத் தேடப்படும். மீன் குறிப்புகள் மூன்றும் கிடைக்கும். கூடவே ஆறாவது ஆவணமான மின் அடுப்பும் கிடைக்கும். சோதித்துப் பார்ப்பவர் முதல் மூன்றைப் பார்த்துத் திருப்தியடைந்து போய்விடுவார். கண்டுபிடிக்கும் வழி எளிது: மேலே போட்ட `sol` டேபிளிலிருந்து `SELECT DISTINCT term` என்று எடுத்துப் பாருங்கள். `ழம`, `ற`, `க` என்று குறியில்லாத துண்டுகள் வந்தால் வெட்டு தவறியிருக்கிறது. `categories` பட்டியலில் `M*` சேர்த்து டேபிளை மறுபடி உருவாக்க வேண்டும்.

வெட்டு சரியான பிறகும் தமிழுக்கே உரிய சில தொல்லைகள் மிச்சமிருக்கும். `மீன்`, `மீனை`, `மீனில்` மூன்றும் இன்டெக்ஸுக்கு மூன்று வெவ்வேறு சொற்கள். `மீன*` என்று முன்னொட்டாகத் தேடலாம். புள்ளி இல்லாமல் எழுதினால்தான் `மீனை` சிக்கும். ஆனால் மீனவரும் மீனாட்சியும் சேர்ந்து வருவார்கள். புணர்ச்சியும் தன் பங்குக்குச் செய்யும்: `வத்தல் குழம்பு` என்று தேடுபவருக்கு `வத்தக் குழம்பு` கிடைக்காது, சேர்த்து எழுதிய `மீன்குழம்பு` தனிச் சொல்லாகப் பதிவாகும். இன்னொன்று, `பொடி` என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, இன்டெக்ஸுக்கு இரண்டு சொல். உள்ளே போடும் உரையையும் தேடும் சொல்லையும், இப்படிப்பட்ட குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். விகுதிகளை நீக்கும் ஸ்டெம்மர் வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸில் 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கான ஸ்னோபால் ஸ்டெம்மர் உண்டு.

இதுவரை பார்த்ததெல்லாம் ஒரே ஒரு கேள்விக்கான விடை: எந்தெந்த ஆவணங்களில் இந்தச் சொற்கள் உள்ளன? `மீன் குழம்பு` தேடலுக்கு 1-உம் 5-உம் வந்தன. எதை முதலில் காட்டுவது? போஸ்டிங் லிஸ்ட் இதற்கு வாயே திறக்காது. அதற்கு ஆவண எண் வரிசைதான் தெரியும். இரண்டு விடையில் இது பெரிய விஷயமில்லை. நாற்பதாயிரம் விடை வரும் இடத்தில் முதல் பத்து எது என்பதுதான் தேடலே.

முதலில் தோன்றும் யோசனை, சொல் அதிக முறை வந்த ஆவணத்தை மேலே வைப்பது. எண்ணிப் பாருங்கள். ஆவணம் 1-இல் `மீன்` ஒரு முறை, `குழம்பு` ஒரு முறை, மொத்தம் 2. ஆவணம் 5-இல் `மீன்` ஒரு முறை, `குழம்பு` இரண்டு முறை, மொத்தம் 3. மீன் குழம்பு செய்முறையைத் தேடியவருக்கு மெஸ்ஸின் மதியப் பட்டியல் முதலில் வரும். நீளமான ஆவணத்தில் எந்தச் சொல்லும் நாலு முறை வரத்தான் செய்யும். அது அந்தச் சொல்லைப் பற்றியது என்று ஆகிவிடாது. ஆகவே ஆவணத்தின் நீளம் தெரிய வேண்டும். நீளம் மட்டும் தெரிந்தாலும் போதாது, 12 சொல் என்பது அதிகமா குறைவா என்று சொல்ல மொத்தத் தொகுப்பின் சராசரி நீளம் வேண்டும்.

இரண்டாவது சிக்கல், சொற்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு. `ரசம் OR முறை` என்று தேடினால் `முறை` ஐந்து ஆவணங்களில் வருகிறது, `ரசம்` இரண்டில்தான். `முறை` இருப்பது ஓர் ஆவணத்தைப் பற்றி நமக்கு எதையும் சொல்லவில்லை. `ரசம்` சொல்கிறது. ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்ற எண்ணிக்கை குறையக் குறைய அதன் எடை கூட வேண்டும் என்பதைக் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் முன்வைத்தார். இதையும், நீளத்தையும், சொல் திரும்பத் திரும்ப வருவதையும் ஒரே சூத்திரத்தில் கோத்தது லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழுவினர் 1990-களில் உருவாக்கிய பிஎம்25. எஸ்கியூலைட் பயன்படுத்தும் வடிவம் இது:

```
idf   = ln( (N - n + 0.5) / (n + 0.5) )
score = idf * tf * (k1 + 1) / ( tf + k1 * (1 - b + b * L / avgL) )
k1 = 1.2,  b = 0.75
```

`idf` என்பது சொல் எவ்வளவு அரிது என்பதற்கான எடை, `N` மொத்த ஆவணங்கள், `n` அந்தச் சொல் வரும் ஆவணங்கள், `tf` இந்த ஆவணத்தில் அது வந்த தடவை, `L` இந்த ஆவணத்தின் நீளம், `avgL` சராசரி நீளம். சொல் திரும்பத் திரும்ப வருவதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை `k1`-உம், நீளத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை `b`-யும் கட்டுப்படுத்தும். தேடலில் பல சொல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

நம் எட்டு ஆவணங்களில் மொத்தம் 37 சொற்கள், சராசரி 4.625. `மீன்` 3 ஆவணங்களில் வருகிறது, `குழம்பு` என்பதும் 3-இல். இரண்டுக்கும் `idf` ஒன்றே: ln(5.5 / 3.5), அதாவது 0.452. ஆவணம் 1-இன் நீளம் 4, சராசரியைவிடக் குறைவு. அடைப்புக்குள் உள்ள நீளத் திருத்தம் 0.25 + 0.75 × 4 / 4.625 = 0.899. 1.2-ஆல் பெருக்கினால் 1.078. `tf` 1 என்பதால் 2.2 / 2.078 = 1.059, இதை 0.452-ஆல் பெருக்க 0.478. இரண்டு சொல்லுக்கும் இதே மதிப்பு, கூட்டினால் 0.957.

ஆவணம் 5-இன் நீளம் 12. நீளத் திருத்தம் 0.25 + 0.75 × 12 / 4.625 = 2.196; 1.2-ஆல் பெருக்க 2.635. ஒரு முறை வந்த `மீன்` என்பதற்கு 2.2 / 3.635 = 0.605. இரண்டு முறை வந்த `குழம்பு` என்பதற்கு 4.4 / 4.635 = 0.949. கூட்டி 0.452-ஆல் பெருக்கினால் 0.703. செய்முறை மேலே, மெஸ் பட்டியல் கீழே. எஸ்கியூலைட்டிடம் கேட்டுச் சரிபார்க்கலாம்:

```sql
SELECT rowid, bm25(kurippu) FROM kurippu
WHERE kurippu MATCH 'மீன் குழம்பு' ORDER BY rank;
```

வருவது -0.957, -0.703. எதிர்க்குறி பிழையில்லை. வழக்கமான ஏறுவரிசையிலேயே நல்ல விடை முதலில் வரட்டும் என்று வேண்டுமென்றே அப்படித் தருகிறது. `ORDER BY rank DESC` என்று பழக்கதோஷத்தில் எழுதினால் ஆக மோசமான விடைகள் முதலில் வரும்.

நீளம் எவ்வளவு வேலை செய்கிறதென்று பார்க்க `b`-யை 0 ஆக்கிக் கணக்குப் போடுங்கள். நீளத் திருத்தம் எல்லா ஆவணத்துக்கும் 1 ஆகிவிடும். ஆவணம் 1-க்கு 0.904, ஆவணம் 5-க்கு 1.073. மெஸ் பட்டியல் மறுபடி மேலே வந்துவிட்டது. ஒரே ஒரு புள்ளிவிவரத்தை எடுத்தவுடன் வரிசை கவிழ்ந்துவிடுகிறது. `tf` இரட்டித்தாலும் மதிப்பு இரட்டிக்கவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்: ஆவணம் 5-இல் 0.605 என்பது 0.949 ஆனது, 1.210 ஆகவில்லை. ஒரே சொல்லை நூறு முறை திணித்து எழுதினாலும் இந்தப் பகுதி 2.2-ஐத் தாண்டவே தாண்டாது.

வெட்டுப் பிழை இந்தக் கணக்கையும் சேர்த்துக் கெடுக்கும் என்பது இப்போது புரியும். `categories` போடாமல் விட்டால் ஆவணம் 1-இன் நீளம் 4 அல்ல, 11. எந்த ஆவணத்தில் உயிர்க்குறி அதிகமோ அதுதான் நீளமான ஆவணம் என்றாகிவிடும்.

இந்த எண்கள் எங்கே இருக்கின்றன? `tf` போஸ்டிங் லிஸ்டிலேயே இருக்கிறது. இடக்குறிப்புகளை எண்ணினால் வந்துவிடும். மற்றவை அப்படியில்லை. ஒவ்வொரு ஆவணத்தின் நீளத்துக்கும் `fts5` ஒரு தனி டேபிள் வைத்திருக்கிறது, நம்முடையதில் அதன் பெயர் `kurippu_docsize`. மொத்த ஆவண எண்ணிக்கையும் மொத்தச் சொல் எண்ணிக்கையும் `kurippu_data`-வில் ஒரே பதிவாக இருக்கின்றன. ஒவ்வொரு சேர்ப்பிலும் நீக்கத்திலும் அது திருத்தப்படும். இடத்தை மிச்சப்படுத்த `columnsize=0` என்று போட்டால் நீள டேபிள் இருக்காது. `bm25()` அப்போதும் விடை தரும், ஆனால் பொருந்திய ஒவ்வொரு ஆவணத்தின் மூல உரையையும் மறுபடி டோக்கனைசரில் ஓட்டி நீளத்தை எண்ணும். தேடல் வேகமாக இருக்கிறது, வரிசைப்படுத்தினால் மட்டும் இழுக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று. `n` மட்டும் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு தேடலிலும் அந்தச் சொல்லின் பட்டியலை ஒரு தடவை கடைசிவரை நடந்து எண்ணிக்கொள்கிறது. ஜாவா உலகின் தேடல் நூலகமான லூசீன் இந்த `n`-ஐச் சொல்லகராதியில் சொல்லின் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கும். நீளத்தை ஆவணத்துக்கு ஒரு பைட் வீதம் தோராயமாக வைத்திருக்கும்.

`idf`-இல் ஒரு கண்ணி உண்டு. பாதிக்கும் மேற்பட்ட ஆவணங்களில் வரும் சொல்லுக்கு ln-க்குள் இருக்கும் பின்னம் 1-க்குக் கீழே போய், எடை எதிர்மறையாகும். `முறை` என்பதற்கு ln(3.5 / 5.5). சொல் இருப்பதே குற்றம் என்றாகிவிடக் கூடாதே என்று எஸ்கியூலைட் அந்த இடத்தில் 0.000001 என்று வைத்துவிடுகிறது. நம் `ரசம் OR முறை` தேடலில் இது நன்மைதான்: `ரசம்` உள்ள ஆவணம் 3 சுமார் 1.116, மெஸ் பட்டியல் 0.578, `முறை` மட்டும் உள்ள மற்ற நான்கும் ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் சோதனைக்கென்று இரண்டே வரி போட்டு, ஒன்றில் மட்டும் வரும் சொல்லைத் தேடினால் ln(1.5 / 1.5) = 0; எல்லா மதிப்பும் ஒரு கோடியில் பத்துப் பங்கு அளவுக்குத்தான் வரும். `bm25()` கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் கூட நூறு வரி போட்டுப் பாருங்கள். லூசீன் பின்னத்தோடு 1-ஐக் கூட்டிப் பிறகு ln எடுப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

போஸ்ட்கிரெஸ் இதே பிரச்சினைக்கு வேறு வழியில் போயிருக்கிறது, புதிதாக வருபவர்கள் குழம்பும் இடமும் அதுதான். அதன் `GIN` இன்டெக்ஸ் நல்ல இன்வெர்டட் இன்டெக்ஸ். சொல்லுக்கு எதிரே வரிசைகளின் முகவரிகளை வைத்திருக்கும். ஆனால் சொல் வந்த இடங்கள் அதில் இல்லை. விடைகளை மதிப்பிடும் `ts_rank` ஓட வேண்டுமானால், சொற்களும் அவற்றின் இடங்களும் அடங்கிய `tsvector`-ஐப் பொருந்திய ஒவ்வொரு வரிசைக்கும் டேபிளுக்குப் போய் எடுத்து வர வேண்டும். இன்டெக்ஸ் சில மில்லிசெகண்டில் முடித்த வேலை அங்கே டிஸ்க்கில் மாட்டிக்கொள்ளும். அதோடு `ts_rank` மொத்தத் தொகுப்பின் எந்தப் புள்ளிவிவரத்தையும் பார்ப்பதில்லை. அரிதான சொல்லுக்கும் எல்லா இடத்திலும் வரும் சொல்லுக்கும் அதன் கண்ணில் ஒரே எடை. `ரசம் | முறை` என்று கேட்டால் நாம் மேலே பார்த்த வித்தியாசத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

லூசீன் மேல் கட்டப்பட்டு, தொகுப்பைப் பல துண்டுகளாகப் பிரித்து வைக்கும் எலாஸ்டிக்சர்ச்சில் புள்ளிவிவரம் இருக்கும், ஆனால் ஒவ்வொரு துண்டும் தன்னிடம் உள்ள ஆவணங்களின் `N`, `n`, சராசரி நீளத்தை வைத்தே கணக்கிடும். ஒரே வாசகம் உள்ள இரண்டு ஆவணங்கள் வேறு வேறு துண்டில் இருந்தால் வேறு வேறு மதிப்பு பெறும். துண்டுக்குப் பல ஆயிரம் ஆவணங்கள் சீராகப் பரவியிருந்தால் இது கண்ணில் படாது. சில நூறு ஆவணங்களை ஐந்து துண்டாக வெட்டி வைத்தால் நன்றாகவே படும். `search_type=dfs_query_then_fetch` என்று கேட்டால் முதலில் எல்லாத் துண்டிலிருந்தும் எண்ணிக்கைகளைத் திரட்டிக்கொண்டு பிறகு மதிப்பிடும். கூடுதலாக ஒரு சுற்றுப் பயணம் ஆகும்.

கடைசியாக ஒன்று. `LIMIT 10` போட்டால் பத்து ஆவணத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. எந்தப் பத்து என்று தெரிய பொருந்திய அத்தனைக்கும் மதிப்பிட்டாக வேண்டும். எஸ்கியூலைட் அப்படித்தான் செய்கிறது. நான்கு லட்சம் ஆவணம் பொருந்தினால் நான்கு லட்சம் பெருக்கல் வகுத்தல். லூசீன் 8-ஆம் பதிப்பிலிருந்து இதைச் சுற்றிப் போக இன்னொரு புள்ளிவிவரம் சேமிக்கிறது. போஸ்டிங் லிஸ்டைச் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டிலும் கிடைக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பைக் கணிக்கத் தேவையான `tf`, நீளக் குறிப்புகளைக் கட்டுவாரியாக எழுதி வைத்துவிடும். இதுவரை கிடைத்த பத்தாவது இடத்தின் மதிப்பு 3.2 என்றும், அடுத்த கட்டின் உச்சவரம்பே 2.9 என்றும் இருந்தால் அந்தக் கட்டில் உள்ள எல்லா ஆவணங்களையும் பிரிக்காமலே தாண்டிப் போகலாம். தாண்டியவற்றை எண்ணியிருக்காது என்பதால் மொத்தம் எத்தனை விடை என்ற எண் துல்லியமாகக் கிடைக்காது. எலாஸ்டிக்சர்ச் 7-இலிருந்து விடையில் `"value": 10000, "relation": "gte"` என்று வருவது இதனால்தான். சரியான எண்ணிக்கையே வேண்டுமென்றால் `track_total_hits` என்பதை `true` ஆக்கலாம். அப்போது கட்டுகளைத் தாண்டும் வசதி போய்விடும்.